ஓர் ‘ஆக’ உதிர்ந்தபோது

சென்னிமலைக்குப் பக்கத்தில், என் அக்கா மகன் கட்டிய வீட்டின் பிரதிஷ்டை ஜெபம் அன்று. தறிக் குடோனுக்கு மேல் எழுப்பிய இரண்டு அறைகள்தாம். ஆனாலும் பத்து வருடக் கடனும் உழைப்பும் அதில் இருந்ததால் உறவுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சபை ஐயருக்கு வேறு ஊரில் ஆராதனை இருந்ததால், வேதாகமக் கல்லூரியில் படிக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவர் ஜெபத்தை நடத்தினார். நன்றாகவே பேசினார். முடிவில் எல்லோரும் எழுந்து தலை குனிந்தபோது, கைகளை உயர்த்தி, 1 தெசலோனிக்கேயர் 5:23ஐ மனப்பாடமாக, ஆனால் தம் வழியில் சொன்னார்: “சமாதானத்தின் தேவன் தாமே உங்களை முற்றிலும் பரிசுத்தமாக்குவார். உங்கள் ஆவி ஆத்துமா சரீரம் முழுவதும் குற்றமற்றதாய்க் காக்கப்படும். உங்களை அழைக்கிறவர் உண்மையுள்ளவர், அவர் அப்படியே செய்வார்.” கூட்டம் உரக்க ஆமென் சொன்னது. சாப்பாட்டுப் பந்தியில் இலை போட்டார்கள். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் மிகையாகும்; இறங்கியது, ஆனால் அந்த வாக்கியம் தொண்டையில் நின்றது.

நான் முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு, பொழுதைப் போக்கவும், பிடிவாதத்துக்காகவும், கிரேக்க இலக்கணம் படித்தேன். இரண்டும் சேர்ந்தால் ஒரு மனிதன் பந்தியில் பக்கத்தில் உட்காரத் தகுதியற்றவனாகிவிடுவான் என்பது என் மனைவியின் கருத்து. அன்றைக்கு நான் அந்தத் தம்பியிடம் எதையும் சொல்லவில்லை. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மட்டும், “ஏனுங் தம்பி, ‘ஆக்குவாராக’ன்னுதானுங்களே புஸ்தகத்துல இருக்குது?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “விசுவாசத்தோட சொல்லோணுமுங்க மாமா. ‘ஆக’ன்னு சொன்னா நடந்தாலும் நடக்கும், நடக்காட்டியும் போகும்ங்கற மாதிரி இருக்குது” என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றியதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. ஓர் ‘ஆக’ உதிர்ந்தால் என்ன குறைகிறது? இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது.

கிரேக்கத்தில் இருப்பது என்ன

அந்த வசனத்தில் இரண்டு வினைகள். முதலாவது ‘ஹகியாசய்’, ‘தூய்மையாக்குக’ என்ற விருப்பம். இரண்டாவது ‘தேரேதெய்யே’, ‘காக்கப்படுக’ என்ற விருப்பம். இரண்டும் கிரேக்கர்கள் தனியாக வைத்திருந்த ஒரு வினைப்பாங்கைச் சேர்ந்தவை. நடந்ததையோ நடக்கப்போவதையோ சொல்வது ஒரு பாங்கு, ஏவுவது ஒரு பாங்கு. இது மூன்றாவது, மனம் விரும்புவதைச் சொல்வது. இதன் அடையாளம் ஓர் இகர ஒலி. வினையின் இறுதிக்கு முன்னால் அது வந்து ஒட்டிக்கொள்ளும். பவுல் இந்தக் கடிதத்தை எழுதிய கி.பி. 50 வாக்கில் இந்தப் பாங்கு பேச்சு வழக்கில் மெலிந்துவிட்டது. புதிய ஏற்பாடு முழுவதிலும் இது வரும் இடங்கள் எழுபதைத் தாண்டாது. அவற்றிலும் பதினைந்து இடங்கள் ‘மே கெனொய்தோ’ என்ற ஒரே தொடர், ‘அப்படி ஆகாதிருப்பதாக’. மற்ற விருப்பங்களில் பெரும்பாலானவை வாழ்த்தும் இடங்களில் இருக்கின்றன. சந்தையில் செல்லாமல் போன நாணயம் மொய்ப் பணத்தில் மட்டும் செல்லுவது போலத்தான். நம் ‘வாழ்க’, ‘வருக’வின் கதையும் இதுவே. வீட்டில் யாரும் விருந்தாளியை ‘வருக’ என்பதில்லை. கல்யாண மண்டப வாசலின் பிளெக்ஸில்தான் அது உயிரோடு இருக்கிறது.

‘ஹகியாசய்’ பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பின்னால் அது தேவைப்படும். அதே எழுத்துகள், அதே அழுத்தக் குறியோடு, ‘தூய்மையாக்க’ என்ற எச்சமாகவும் கிரேக்கத்தில் இருக்கின்றன. ‘நிரப்புக’ என்னும் வினையில், எச்சத்துக்கு ஒரு குறியும் விருப்பத்துக்கு வேறொரு குறியும் போட்டு வேறுபடுத்த முடியும். பழைய ஏடுகளில் அந்தக் குறிகள் கிடையா என்பது வேறு விஷயம். ‘ஹகியாசய்’யில் அந்த வசதியும் இல்லை. பிறகு, இது விருப்பம்தான் என்று எப்படித் தெரிகிறது? எழுவாயைப் பார்த்துத்தான். ‘ஹோ தெயோஸ்’, கடவுள், என்று எழுவாய் வேற்றுமையில் நிற்கிறது. கிரேக்கத்தில் எச்சத்துக்கு எழுவாய் வேண்டுமென்றால் அது இரண்டாம் வேற்றுமைக்குப் போய் ‘தொன் தெயோன்’ என்று ஆகியிருக்க வேண்டும். மேலும், அந்த எச்சம் சாய்ந்து நிற்க வேறொரு முற்று வாக்கியத்தில் இல்லை. கூடவே வரும் ‘தேரேதெய்யே’ வேறெந்த வடிவோடும் குழம்பாத அப்பட்டமான விருப்ப வினை. பக்கத்து வீட்டுக்காரன் சாட்சி சொல்வது போல, அது முதல் வினையையும் அடையாளம் காட்டிவிடுகிறது.

இப்போது அடுத்த வசனம், 5:24. ‘அவர் அப்படியே செய்வார்.’ அங்கே இருப்பது ‘பொயேசெய்’, வெறும் எதிர்காலம். விருப்பம் இல்லை, உறுதி. அதாவது பவுல் இருபத்து மூன்றாம் வசனத்தில் விரும்புகிறார். இருபத்து நான்கில், அந்த விருப்பம் எதன்மேல் நிற்கிறது என்று சொல்கிறார். நம் பழைய திருப்புதலில் இது துல்லியமாக வந்திருக்கிறது: “பரிசுத்தமாக்குவாராக”, “காக்கப்படுவதாக”, பிறகு “செய்வார்”. ஆக, ஆக, ஆர். தம்பி சொன்னபடி முதல் இரண்டையும் எதிர்காலமாக்கிவிட்டால், மூன்றாவது வாக்கியத்துக்கு வேலையே இல்லை. சொன்னதையே திருப்பிச் சொன்னதாகிவிடும்.

இதில் தம்பியைத் தனியாகக் குறை சொல்ல முடியாது என்பதையும் பிறகு கண்டுகொண்டேன். பிலிப்பியர் 4:19இல் ‘என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்’ என்று நாம் படிப்பது ‘ப்ளேரோசெய்’ என்ற எதிர்காலம். சில கிரேக்க ஏடுகளில் அதே இடம் ‘ப்ளேரோசய்’ என்று இருக்கிறது. ஓர் உயிரெழுத்து மாறியதும் வாக்குறுதி விருப்பமாகிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் கண் சுருக்கிப் பிரதி எடுத்த ஒருவர், இது கடிதத்தின் முடிவுப் பகுதி, வாழ்த்தாகத்தான் இருக்கும் என்று கை போன போக்கில் எழுதியிருக்கலாம். நம் தம்பி எதிர்த்திசையில் சறுக்கினார், அவ்வளவுதான்.

கோடிட்ட இடம்

சரி, தமிழில் இதற்குச் சொந்தமான வடிவம் எது? ‘ஆக்குவாராக’ என்பதை மிஷனரிகள் காலத்துத் தமிழ் என்று நான் அப்போது நினைத்திருந்தேன். வியங்கோள் வினைமுற்று இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் நடத்திய பாடம்: வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய நான்கு பொருளில் வியங்கோள் வரும், க, இய, இயர், அல் என்பன அதன் விகுதிகள். வாழ்க, வாழிய, வாழியர். கிரேக்க விருப்பப் பாங்குக்கு அண்ணன் தம்பி போல இருக்கிறது. வைதலும் அதில் உண்டு என்பதுகூடப் பொருந்துகிறது. மாற்கு 11:14இல் அத்தி மரத்தைச் சபிக்கும் வாக்கியத்தின் வினையும் இதே விருப்பப் பாங்குதான்.

இன்னொரு பொருத்தம் என்னை உண்மையிலேயே எழுந்து உட்கார வைத்தது. “முன்னிலை தன்மை ஆயீ ரிடத்தொடு மன்னா தாகும் வியங்கோட் கிளவி” என்கிறது தொல்காப்பியம். வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது, படர்க்கையே அதன் வீடு. நன்னூலார் காலத்தில் அது மூன்று இடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொதுவாகிவிட்டது. புதிய ஏற்பாட்டில் விருப்பம் சொல்லும் வினைகளை எண்ணிப் பார்த்தால், அவையும் ஒன்றே ஒன்று நீங்கலாக எல்லாம் படர்க்கை. அந்த ஒன்று பிலேமோன் 20இல் வரும் ‘ஒனய்மேன்’. ‘உன்னால் நான் பயன்பெறுவேனாக’ என்று தன்மையில் நிற்கிறது. நம் பழைய திருப்புதலைப் புரட்டினேன்: “உன்னாலே எனக்குப் பிரயோஜனமுண்டாகட்டும்.” தன்மை எழுவாயான ‘நான்’ காணாமல் போய், ‘பிரயோஜனம்’ என்ற படர்க்கை எழுவாய் வந்து உட்கார்ந்திருக்கிறது! மொழிபெயர்த்தவர் தொல்காப்பியத்தை மனத்தில் வைத்து அப்படிச் செய்தாரா என்று கேட்டால், அநேகமாக இல்லை என்பேன். ஆனால், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய தமிழ் முன்ஷியின் காது தன்மையில் ஒரு விருப்பத்தைச் சொல்லக் கூசியிருக்கும். இலக்கணம் அங்கேதான் இருக்கிறது.

இந்த உற்சாகத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகைக்கு அச்சடிக்கும் தாளில், ரோமர் 15:13இன் வாழ்த்தைப் புதிதாகத் தமிழாக்கிக் கொடுத்தேன். பழைய திருப்புதலில் ‘நிரப்புவாராக’ என்று இருப்பதை மாற்றி, “நம்பிக்கையின் கடவுள் எல்லா மகிழ்ச்சியாலும் அமைதியாலும் உங்களை நிரப்புக” என்று வியங்கோளில் நிறுத்தினேன். இலக்கணப்படி குற்றமே இல்லை. தாள் அச்சாகி வந்தது. ஆராதனையில் அந்த வரியை எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது, முன் வரிசையில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் தோளைக் குலுக்கிச் சிரித்தார்கள். வெளியே வந்ததும் அதில் ஒருவனைப் பிடித்துக் கேட்டேன். “ஒன்னுமில்லீங் சார்” என்று முதலில் நெளிந்தான். பிறகு சொன்னான்: “கோடிட்ட இடங்களை நிரப்புக... அஞ்சு மார்க்குங் சார்.”

எத்தனை வினாத்தாள் நான் எழுதியிருப்பேன்! பொருள் தருக, பிரித்து எழுதுக, பொருத்துக, சான்று தருக, கோடிட்ட இடத்தை நிரப்புக. அறுபது வயதுக்கு மேல், என் பேனாவே என்னைக் கடித்தது. வியங்கோளின் நான்கு பொருளில், ‘விதித்தல்’ ஒன்றுதான் பள்ளிக்கூடத்தின் வழியாக இன்றைய தமிழர் அத்தனை பேர் காதிலும் தினம் விழுகிறது. அதனால், செயப்படுபொருள் குன்றா வினையில் க விகுதியை வைத்தால், ஆசிரியர் மேசையிலிருந்து வரும் கட்டளையாகவே கேட்கிறது. ‘வாழ்க’வில் அந்தத் தொல்லை இல்லை, வாழ்வதற்கு இரண்டாம் வேற்றுமைச் சொல் எதுவும் வேண்டியதில்லை, யாரும் யாருக்கும் எதையும் செய்ய வேண்டியதில்லை. “நெற்பல பொலிக, பொன்பெரிது சிறக்க” என்ற ஐங்குறுநூற்று அடியிலும் நெல் தானே பொலிகிறது, பொன் தானே சிறக்கிறது. தமிழின் பழைய வாழ்த்துகளில் என் நினைவுக்கு வந்தவை பலவும் இப்படிச் செயப்படுபொருள் குன்றிய வினைகளாகவே இருந்தன. கல்யாணத்தில் பெரியவர்கள் சொல்லும் ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்பதிலும் தழைப்பதும் வேரோடுவதும் வாழ்த்தப்படுகிறவர்களே. பவுலின் வாழ்த்தோ கடவுளை எழுவாயாக்கி, நம்மைச் செயப்படுபொருளாக்குகிறது. பொருத்தம் குலைவது இந்த இடத்தில்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். கடவுளை எழுவாயாக வைத்துச் செயப்படுபொருள் குன்றா வினையில் வியங்கோள் தமிழில் ஒட்டாது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்தேன்.

திண்ணையில்

அந்த முடிவு உடைந்தது ஒரு சஷ்டி நாள் மாலை. எங்கள் எதிர் வீடு கைத்தறிக்காரர் வீடு. அந்த வீட்டுப் பெரியாத்தாளுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இன்னும் திண்ணையில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றுவார். சஷ்டியன்று மலையேற முடியாததால், தார் சுற்றிக்கொண்டே கவசம் சொல்வார். கந்த சஷ்டி கவசம் சென்னிமலையில்தான் அரங்கேறியது என்பது எங்கள் பக்கத்து மரபு. அதனால் இங்கே அதைச் சொல்கிறவர்களுக்குச் சொந்த வீட்டுச் சொத்தைச் சொல்லும் மிடுக்கு உண்டு. சிறு வயது முதல் ஒலிபெருக்கியில் ஆயிரம் தடவை கேட்டதுதான். ஆனால் அன்று, ராட்டையின் சத்தத்துக்கு இடையே, ஒவ்வொரு வரியும் தனித்தனியாக வந்து விழுந்தது.

“கதிர்வேல் இரண்டும் கண்ணினைக் காக்க. விதிசெவி இரண்டும் வேலவர் காக்க. நாசிகள் இரண்டும் நல்வேல் காக்க. பேசிய வாய்தனைப் பெருவேல் காக்க.” நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். எழுவாய், வேல் அல்லது வேலவர். செயப்படுபொருள், ‘கண்ணினை’, ‘வாய்தனை’, இரண்டாம் வேற்றுமை விரிந்தே நிற்கிறது. வினை, செயப்படுபொருள் குன்றா வியங்கோள். தெய்வத்தை எழுவாயாக்கிச் செயப்படுபொருள் குன்றா வினையில் வியங்கோள் ஒட்டாது என்று நான் நோட்டில் எழுதியிருந்தேன். எதிர் வீட்டில் அது வரிக்கு வரி ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டளை போல அது கேட்கவும் இல்லை. ஆகவே தொல்லை விகுதியிலும் இல்லை, செயப்படுபொருள் குன்றா வினையிலும் இல்லை. தொல்லை, அந்தந்த வினைச்சொல் எங்கே பழகி வளர்ந்தது என்பதில். ‘நிரப்புக’ வினாத்தாளில் வளர்ந்தது. ‘காக்க’ பிரார்த்தனையில் வளர்ந்தது. ஒரே விகுதி முதலாவதில் விதித்தலாகவும், இரண்டாவதில் வேண்டலாகவும் கேட்கிறது.

இன்னும் உற்றுக் கேட்டபோது, பவுலின் ‘ஹகியாசய்’ நினைவுக்கு வந்தது. ‘காக்க’ என்பது தமிழில் வியங்கோளும்தான், எச்சமும்தான். “அவர் நம்மைக் காக்க வந்தார்” என்றால் எச்சம். “வேலவர் காக்க” என்று முடிந்தால் வியங்கோள். எழுத்தில் புள்ளியளவு வேறுபாடு இல்லை. கிரேக்கத்தில் எழுவாயின் வேற்றுமை இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. தமிழில் அந்த உதவியும் கிடையாது, ஏனென்றால் நம் எச்சம் எழுவாயை மாற்றுவதில்லை. ‘அவர் காக்க, நாம் பிழைத்தோம்’ என்று எழுவாய் அப்படியே நிற்கும். நமக்கு வேறுபாட்டைக் காட்டுவது வாக்கியம் அங்கே முடிகிறதா, மேலே ஓடுகிறதா என்பது ஒன்றுதான். கவசம் ஒவ்வோர் அடியையும் ‘காக்க’வில் கொண்டுவந்து அறைந்து நிறுத்துவதால், ஐயத்துக்கு இடமே இல்லை. இதைப் படித்த பிறகு, காக்க என்ற வினையை வாழ்த்தில் வாக்கியத்தின் நடுவில் வைக்கக்கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். வைத்தால், கேட்கிறவர் மனம் அடுத்த வினையைத் தேடிக்கொண்டு போய்விடும்.

வேறொன்றும் கவனித்தேன். ‘வேல் காக்க’, ‘வேலவர் காக்க’. அஃறிணை ஒருமைக்கும் உயர்திணை மரியாதைப் பன்மைக்கும் ஒரே முற்று. இது 1 தெசலோனிக்கேயர் 3:11இல் ஒரு சிக்கலைத் தொடுகிறது. அங்கே பிதாவும் இயேசுவும் என்று எழுவாய் இரண்டு. ஆனால் கிரேக்க வினையான ‘கதெயுத்தூனய்’ ஒருமை. இருவருக்கு ஒருமை வினை வந்ததில் பொருள் இருக்கிறதா என்று உரைகாரர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். தமிழில் ‘வழிநடத்துவாராக’ என்று எழுதினால், அந்த ‘ஆர்’ ஒருவருக்கான மரியாதையா, இருவருக்கான பன்மையா என்று யாரும் சொல்ல முடியாது. ‘வழிநடத்துக’ என்று எழுதினாலும் முடியாது; அதற்கு எண்ணே கிடையாது. கிரேக்கம் வைத்த முடிச்சைத் தமிழ் எந்த வழியாலும் கட்ட முடியாத இடம் இது. வகுப்பில் வாய்விட்டு விளக்க வேண்டியதுதான்.

பெரியாத்தாள் தார்க்குச்சியை மாற்றுவதற்காக நிறுத்தினார். நான் நிற்பதைப் பார்த்து, “என்னுங் வாத்தியார் தம்பி, கவசத்துக்கு வந்து நின்னுக்கிட்டிருக்கறீங்கொ?” என்றார். எங்கள் வேதத்திலும் இப்படி ஒன்று இருக்கிறது, உடம்பு உயிர் எல்லாவற்றையும் காக்கச் சொல்லி, என்றேன். “சொல்லுங்கொ கேப்போம்” என்றார். திருப்புதலில் உள்ளபடியே சொன்னேன்: ஆவி, ஆத்துமா, சரீரம் முழுவதும் குற்றமற்றதாயிருக்கும்படி காக்கப்படுவதாக. அவர் தார்க்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். “அது செரி கண்ணு. காக்கப்படுவதாகன்னா, ஆரு காக்கறது?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. கவசத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் காவலாளி பெயர் சொல்லி நிற்கிறது; கண்ணுக்குக் கதிர்வேல், வாய்க்குப் பெருவேல். காவலாளி பெயர் இல்லாத காவலை அவர் கேட்டதில்லை. கிரேக்கத்திலும் அந்த இடத்தில் பெயர் இல்லை. ‘தேரேதெய்யே’ செயப்பாட்டு வினை. யாரால் என்று வசனம் சொல்வதே இல்லை. முந்தின வாக்கியத்தில் கடவுள் எழுவாயாக வந்துவிட்டார், அவரே என்று எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் பவுல் வேண்டுமென்றே அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. ஏனென்றால் அடுத்த வசனம் அதற்குத்தான் வருகிறது. “உங்களை அழைக்கிறவர் உண்மையுள்ளவர், அவர் அப்படியே செய்வார்” என்று மெல்லச் சொன்னேன். “அப்பறம் அதைய முன்னாலயே சொல்றதுக்கென்ன?” என்று கேட்டுவிட்டு, அவர் மறுபடியும் ராட்டையைச் சுற்றத் தொடங்கினார்.

முன்னாலேயே சொன்னால் கேள்வி எழாது. கேள்வி எழவில்லையென்றால் ‘செய்வார்’ என்பது பதிலாக இருக்காது. பிரதிஷ்டை ஜெபத்தில் உதிர்ந்த ‘ஆக’ எதைக் கொண்டுபோனது என்று அந்தத் திண்ணையில்தான் எனக்குப் புரிந்தது. தம்பி நினைத்தது போல ‘ஆக’ சந்தேகத்தைச் சேர்க்கவில்லை. அது இரண்டு வாக்கியங்களைத் திறந்து வைத்திருந்தது, மூன்றாவது வந்து மூடுவதற்காக.

கையில் இருந்த வடிவங்கள்

அதற்குப் பிறகு ‘ஆக்குவாராக’வை மிஷனரித் தமிழ் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பிரித்துப் பார்த்தால், ‘ஆக்குவார்’ என்ற எதிர்கால முற்றின்மேல் ‘ஆக’ ஏறியிருக்கிறது. செய்வார், அப்படி ஆகுக. வாக்குறுதியின் உருவமே உள்ளே இருக்க, ஒரு சிறு சொல் அதை வேண்டுதலாகத் திருப்பிவிடுகிறது. ‘ஆர்’ இருப்பதால் மரியாதையும் கெடவில்லை. வினாத்தாள் வாடையும் இல்லை. இதற்கு ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பரமண்டல ஜெபத்தில் “உம்முடைய ராஜ்யம் வருவதாக” என்று நாம் சொல்வதும் இதே அச்சுத்தான். ஆனால் கிரேக்கத்தில் அங்கே இருப்பது ‘எல்தேதோ’, படர்க்கை ஏவல், விருப்பப் பாங்கு அல்ல. கிரேக்கம் இரண்டு அறையில் வைத்ததைத் தமிழ் ஒரே அறையில் வைத்துவிட்டது. ஜெபத்தில் கடவுளை நோக்கி ஏவல் வந்தால், அது பணிந்த வேண்டுதலாகத்தானே இருக்க முடியும் என்பதால் நட்டம் பெரிதில்லை. ஆனாலும், மூலத்தில் விருப்பப் பாங்கு எங்கெங்கே இருக்கிறது என்று தமிழ் வேதத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறவர் ஏமாந்துபோவார்.

‘கடவது’ என்பதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. யூதா நிருபத்தின் தொடக்கத்தில் “பெருகக்கடவது” என்று வருவதும் மூலத்தில் விருப்பப் பாங்கே. கடவது என்றால் கடமைப்பட்டது. இரக்கமும் சமாதானமும் பெருகியே தீர வேண்டிய கடமைக்கு உட்பட்டிருக்கின்றன என்று ஒரு சட்டம் போலத் தொனிக்கிறது. கலாத்தியர் 1:8இல் “சபிக்கப்பட்டவனாயிருக்கக்கடவன்” என்ற இடத்தில் அந்தக் கனம் பொருந்துகிறது, அங்கே கிரேக்கமும் ஏவலே. வாழ்த்தில் அது தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. ‘பெருகுக’ போதும், பெருகுதல் தன்வினை, எந்த வினாத்தாளிலும் அது வந்ததில்லை. ‘பெருகட்டும்’ என்பதிலோ ‘ஒட்டும்’ என்ற அனுமதி ஒளிந்திருக்கிறது. “பண்ணுனாப் பண்ணட்டும் போ” என்று எங்கள் பேச்சில் கையை விரிப்பதற்கும் அதே விகுதிதான் உதவுகிறது.

எங்கள் பேச்சில் உண்மையான விருப்பப் பாங்கு எது என்று கேட்டால், ‘ஓணும்’ என்பேன். காலில் விழுகிற பிள்ளையைப் பார்த்து, “நல்லா இருக்கோணுஞ் சாமி” என்கிறார்கள். தன்வினை, படர்க்கையா முன்னிலையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஓர் இடம், விரும்புகிறவர் மனம் முழுவதும் அந்த ஓணுமில் இருக்கிறது. இதைச் சபையின் அச்சுத் தாளில் போட முடியாது. போட்டால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள், மீதிப் பேர் இலக்கணப் பிழை என்று எனக்கே போன் செய்வார்கள்.

இந்த வருட அறுப்புப் பண்டிகைத் தாளில் ரோமர் 15:13ஐப் பழைய ‘நிரப்புவாராக’வோடு திருப்பி வைத்துவிட்டேன். அதே தம்பி இப்போது படிப்பை முடித்துவிட்டு எங்கள் சபைக்கு உதவியாக வந்திருக்கிறார். ஒரு ஞாயிறு மாலை அவரை வீட்டுக்கு அழைத்து, காப்பி கொடுத்து, தெசலோனிக்கேயர் கிரேக்கத்தை விரித்து வைத்து மூன்று வினைகளையும் விரல் வைத்துக் காட்டினேன். ‘ஹகியாசய்’, ‘தேரேதெய்யே’, ‘பொயேசெய்’. கல்லூரியில் படித்ததுதான், உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஆனாலும், “சனங்களுக்கு இது தெரியுமுங்களா மாமா?” என்றார். எதிர் வீட்டுப் பெரியாத்தாள் கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாக எதிர்த் திண்ணையைப் பார்த்தார். அங்கே அப்போது யாரும் இல்லை. ராட்டை மட்டும் சுவரோரம் சாய்ந்து நின்றது.

போன வாரம் ஒரு வீட்டு ஜெபத்தில் அவர் முடிவு வாழ்த்தைச் சொன்னார். “பரிசுத்தமாக்குவாராக” என்றார். “காக்கப்படுவதாக” என்றார். அங்கே மூச்சை நிறுத்தி, யாரோ கேட்பதற்கு இடம் விடுகிறவர் போலக் கொஞ்சம் காத்திருந்தார். அதற்குள் பின்வரிசையிலிருந்து யாரோ அவசரப்பட்டு ஆமென் சொல்லிவிட்டார்கள். தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அவர் அப்படியே செய்வார்” என்று முடித்தார்.